பில்டர் யூடிஎஸ் கணக்கும் அப்ரூவல் பிளான் காப்பியும் தர இழுக்கிறார், எப்படிக் கேட்பது?

செம்பாக்கம்_வீடு

எல்லோருக்கும் வணக்கம். தாம்பரம் பக்கம் செம்பாக்கத்தில் ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறோம், இன்னும் அஸ்திவார வேலைதான் நடக்கிறது. இடம் ஐந்து கிரவுண்டு என்கிறார்கள். நாங்கள் எடுப்பது 2 பெட்ரூம், சூப்பர் பில்ட் அப் 1,140 சதுர அடி. டோக்கனாக ஒரு லட்சம் கொடுத்தாயிற்று. யூடிஎஸ், அதாவது ஃபிளாட்டோடு வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு, எவ்வளவு வரும் என்று கேட்டதற்கு 410 சதுர அடி என்று மார்க்கெட்டிங் தம்பி வாயால் சொன்னார். அதை எழுதிக் கொடுங்கள், கூடவே அப்ரூவல் பிளானும் கொடுங்கள் என்றால் பிரவுச்சரில் இருக்கிற எங்கள் ஃபிளாட் படத்தைத் தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். முழு பிளான் அக்ரிமெண்ட் போடும்போது தருவோம், எல்லா கஸ்டமருக்கும் அப்படித்தான், பேங்க்கே அப்ரூவ் பண்ணிய பிராஜெக்ட் சார் என்கிறார். மாமனார் 410 குறைச்சல் என்கிறார், அவருக்கும் எதனால் என்று சொல்லத் தெரியவில்லை. இதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா, இருந்தால் எந்த வார்த்தையில் கேட்பது?

கார்த்தி_வேளச்சேரி

ப்ரோ, ரூல் ரொம்ப சிம்பிள். ஃபிளாட் சைஸில் பாதிக்குக் குறையாமல் யூடிஎஸ் இருக்கணும். உங்களுக்கு 570 வந்திருக்க வேண்டும், 410 என்றால் 36 சதவீதம்தான். டோக்கனை வாங்கிக்கொண்டு வேறு இடம் பாருங்கள். நான் 2011ல் வாங்கியபோது 58 சதவீதம் கொடுத்தார்கள்.

பத்திரம்_பார்ப்பவர்

கார்த்தி சார், அந்தப் பாதிக் கணக்கு எல்லா இடத்துக்கும் ஒத்து வராது. நீங்கள் வாங்கியபோது சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ 1.5, அதாவது நிலத்தைப் போல ஒன்றரை மடங்கு, 2,400 சதுர அடியுள்ள ஒரு கிரவுண்டில் 3,600 சதுர அடி கட்டலாம். 2019 கட்டட விதிகள் வந்த பிறகு அது 2 ஆகிவிட்டது, அதே கிரவுண்டில் 4,800 கட்டுகிறார்கள். நிலம் வளரவில்லை, அதைப் பங்கு போடுகிற வீடுகள்தான் கூடின. உயரமான கட்டடத்துக்கு 3.25 வரை போகிறது, அங்கே 25 சதவீதம் வந்தாலும் நேர்மையான பங்காக இருக்கலாம். பழைய வீட்டுச் சதவீதத்தை வைத்துப் புது வீட்டை அளந்தால் நல்ல பிராஜெக்ட்டும் மோசமாகத் தெரியும்.

செம்பாக்கம் நண்பரே, 410 குறைச்சலா இல்லையா என்பது அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்துத் தெரியாது. மொத்த நிலம் எவ்வளவு, அதில் ரோட்டுக்கோ பூங்காவுக்கோ எழுதிக் கொடுத்தது போக மிச்சம் எவ்வளவு, எல்லா ஃபிளாட்டும் சேர்ந்து எத்தனை சதுர அடி, இந்த மூன்றும் வேண்டும். மிச்ச நிலத்தை மொத்த ஃபிளாட் பரப்பால் வகுத்து, உங்கள் 1,140ஆல் பெருக்கினால் உங்கள் பங்கு. அதனால் உங்களுக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லா ஃபிளாட்டுக்கும் எவ்வளவு என்கிற பட்டியலைக் கேளுங்கள். ஒருவருக்கு மட்டும் சொன்னால் எந்த எண்ணையும் சொல்லிவிடலாம், இருபது பேருக்கும் சேர்த்து எழுதும்போதுதான் கூட்டுத்தொகை நிலத்தோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் வருகிறது.

உரிமை தாராளமாக இருக்கிறது. 2016 ரெரா சட்டத்தில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில், 11(3) பிரிவைப் பாருங்கள். புக்கிங் செய்து அலாட்மெண்ட் லெட்டர் கொடுக்கும்போதே ஒப்புதல் பெற்ற பிளான் விவரத்தைக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. 19(1) வாங்குபவர் பக்கத்திலிருந்து அதே உரிமையைச் சொல்கிறது. அக்ரிமெண்ட் வரை காத்திருங்கள் என்பது அவர்கள் ஆபீஸ் பழக்கம், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இன்னொன்று, பதிவு செய்த அக்ரிமெண்ட் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது, அது 13ஆம் பிரிவு. அந்த எல்லையைத் தாண்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். rera.tn.gov.in தளத்தில் அந்த பிராஜெக்ட்டைத் தேடுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேல் நிலமோ எட்டுக்கு மேல் ஃபிளாட்டோ இருந்தால் பதிவு கட்டாயம், உங்கள் இடம் 1,100 சதுர மீட்டரைத் தாண்டும். பில்டர் தராத பிளான் பல நேரம் அங்கேயே ஏற்றி வைத்திருப்பார்கள்.

மதுராந்தகம்_மனை

நல்ல நேரத்தில் இந்தப் பேச்சு வந்தது. எனக்கும் லேஅவுட் அப்ரூவல் காப்பி தராமல் இழுக்கிறார்கள். மதுராந்தகம் தாண்டி ஒரு மனை, டிடிசிபி அப்ரூவ்டு என்று போர்டு வைத்திருக்கிறார்கள், நம்பர் கேட்டால் மழுப்புகிறார்கள். எனக்கு யூடிஎஸ் எவ்வளவு வர வேண்டும் சார்? மனை 1,200 சதுர அடி.

பத்திரம்_பார்ப்பவர்

உங்களுக்கு யூடிஎஸ்ஸே கிடையாது சார், மனை முழுசும் உங்கள் பெயரில் தனியாக வரும். நீங்கள் கேட்க வேண்டியது அந்த லேஅவுட்டின் ஒப்புதல் எண்ணும், சீல் போட்ட வரைபடமும். அதில் உங்கள் மனை எண் இருக்கிறதா, இல்லை அது பூங்காவுக்கு விட்ட இடமா என்று பாருங்கள். போர்டில் நம்பரே இல்லாத அப்ரூவலை நம்ப வேண்டாம். தனி இழை போடுங்கள், இங்கே கலந்தால் குழம்பிவிடும்.

செம்பாக்கம்_வீடு

சார், ரெரா தளத்தில் பிளான் கிடைத்துவிட்டது! இத்தனை நாள் மார்க்கெட்டிங் தம்பியைக் கெஞ்சிக்கொண்டு இருந்திருக்கிறேன். ஸ்டில்ட் பிளஸ் நாலு மாடி, ஒரு மாடிக்கு ஐந்து வீடு, மொத்தம் 20. ஓரத்தில் ஒரு அட்டவணையில் நிலம் 12,000 சதுர அடிக்குச் சமமாக மீட்டரில் இருக்கிறது, ரோடு அகலப்படுத்த 600 தானமாக மாநகராட்சிக்குக் கொடுத்தது என்று இருக்கிறது. சேல்ஸ் ஆபீசில் கொடுத்த விலைப் பட்டியலில் எட்டு வீடு 1,140, பன்னிரண்டு வீடு 1,520. இதை வைத்துப் பார்க்க முடியுமா?

பத்திரம்_பார்ப்பவர்

தாராளமாக. எட்டு வீடு 9,120, பன்னிரண்டு வீடு 18,240, மொத்தம் 27,360. நிலம் 12,000இல் 600 தானம் போக 11,400. வகுத்தால் ஒரு சதுர அடி வீட்டுக்கு 0.4167 நிலம். உங்கள் 1,140க்கு 475 வர வேண்டும், பெரிய வீட்டுக்கு 633 சொச்சம்.

அவர் சொன்னது 410. எல்லோருக்கும் அதே விகிதத்தில்தான் கொடுக்கிறார் என்று வைத்துக்கொண்டால் இருபது வீட்டுக்கும் சேர்த்து 9,840தான் போகிறது. 1,560 சதுர அடி நிலம் யார் பெயருக்கும் போகாமல் நிற்கிறது. செம்பாக்கத்தில் அது அரைக் கிரவுண்டுக்கு மேல்.

இதில் இன்னொன்றும் தெரிகிறது. 410க்கு 1,140 என்கிற அதே விகிதத்தில் அந்த 1,560ஐ வைத்து இன்னும் 4,300 சதுர அடிச் சொச்சம் வீடு விற்கலாம். ஒரு மாடிக்கு உங்கள் கட்டடத்தில் 6,840 வருகிறது, அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது மேலே ஐந்தாவது மாடியில் இரண்டு பெரிய வீடும் ஒரு சின்ன வீடும் போடுகிற அளவு. அவர் மனதில் அப்படித்தான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கட்டணம் கட்டி கூடுதல் எஃப்எஸ்ஐ வாங்கித் திருத்திய பிளான் போடுவது இப்போது சாதாரணமாக நடக்கிறது, அப்படிப் போடும்போது புது வீட்டுக்கு எழுதிக் கொடுக்க நிலப் பங்கு கையில் இருக்க வேண்டும். ஒப்புதல் பெற்ற பிளானை மாற்ற, வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும் என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. அந்தச் சம்மதத்தை அக்ரிமெண்டிலேயே ஒரு வரியாகச் செருகிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், டிராஃப்ட் வந்தால் அந்த வரியைத் தேடுங்கள்.

சைட்_இன்ஜினியர்

நான் ஒரு சின்ன பில்டரிடம் வேலை பார்க்கிறேன், அதனால் அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்கிறேன், அடிக்க வராதீர்கள். எல்லாவற்றையும் சதியாகப் பார்க்க வேண்டாம். மார்க்கெட்டிங் பையனுக்கு யூடிஎஸ் தெரியாது, யாரோ ஒரு பழைய எக்செல் கொடுத்திருப்பார்கள், அதைப் பார்த்துச் சொல்லியிருப்பான். சில ஆபீசில் கார்பெட் ஏரியாவை வைத்துப் பங்கு போடுவார்கள், சிலர் பில்ட் அப்பை வைத்து, அதிலேயே ஐந்து பத்து அடி முன்னே பின்னே போகும். பத்திரப்படி நிலம், பட்டாப்படி நிலம், இடத்தில் அளந்தது மூன்றும் ஒன்றாகவே இருக்காது. எங்கள் ஒரு சைட்டில் பத்திரத்தில் இருந்ததைவிட அளக்கும்போது 180 அடி குறைந்தது, பக்கத்து வீட்டுச் சுவர் உள்ளே வந்திருந்தது. லேண்ட் ஓனரும் பில்டரும் கூட்டாகப் போடும் ஜேவி பிராஜெக்ட்டாக இருந்தால் ஓனர் பங்கு தனி.

பத்திரம்_பார்ப்பவர்

ஐந்து பத்து அடி வித்தியாசம் சரி. எந்தப் பரப்பை வைத்து வகுத்தாலும் கடைசியில் கூட்டுத்தொகை 11,400 ஆகத்தானே வேண்டும்? வகுக்கிற முறை மாறினால் ஒருவருக்குக் கூடும், இன்னொருவருக்குக் குறையும், நிலம் காணாமல் போகாது. அளவு வித்தியாசம் என்றால் எந்த அளவை எடுத்தார்கள் என்று பிளானிலேயே இருக்கும். பெரும்பாலும் மூன்றில் குறைவானதைத்தான் எடுப்பார்கள், அந்த 12,000 அப்படி வந்ததாகவே இருக்கும். 1,560 அந்தக் கணக்கில் அடங்காது.

செம்பாக்கம்_வீடு

இன்று பில்டரிடமே போனில் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார். "மீதி லேண்ட் ஓனருக்கு சார், இது ஜேவி, அவருக்கும் நிலத்தில் பங்கு உண்டு இல்லையா" என்றார். கேட்கும்போது சரியாகத்தான் பட்டது. அப்புறம் யோசித்தால் குழப்பமாக இருக்கிறது.

பத்திரம்_பார்ப்பவர்

குழப்பமே வேண்டாம். ஓனருக்கு எத்தனை வீடு என்று கேளுங்கள். எட்டு என்பார், ஒன்பது என்பார். அந்த வீடுகளும் பிளானில் உள்ள இருபதுக்குள்தானே இருக்கின்றன? அவற்றுக்குரிய நிலத்தையும் சேர்த்துத்தான் நாம் 11,400ஐ வகுத்தோம். ஓனருக்கு வீட்டுக்குரிய பங்கும் வேண்டும், அதுக்கு மேல் தனியாக 1,560ம் வேண்டும் என்றால் அது வேறு பேச்சு, அதை எழுத்தில் சொல்லட்டும்.

tnreginet.gov.in தளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, போட்டுப் பாருங்கள், காசு இல்லாமலே பார்க்கலாம். ஓனரும் பில்டரும் போட்ட ஒப்பந்தம், பில்டருக்குக் கொடுத்த பவர், மாநகராட்சிக்கு எழுதிய தான பத்திரம் மூன்றும் வர வேண்டும். பவர் நகலை வாங்கினால் எத்தனை சதுர அடி நிலப் பங்கை விற்க பில்டருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள் என்று இருக்கும். அந்த அளவும், பில்டர் பங்கு வீடுகளின் யூடிஎஸ் கூட்டலும் ஒத்துப்போக வேண்டும். பவரைத் தாண்டி விற்றால் கடைசியாக வாங்குகிற ஆள்தான் மாட்டுவார், அவருக்கு எழுதிக்கொடுக்க நிலம் இருக்காது.

போனில் பேசுவதை நிறுத்திவிட்டு மெயில் போடுங்கள். கோபம் வேண்டாம், இப்படி எழுதினால் போதும்:

"தங்கள் திட்டத்தில் இந்த எண்ணுள்ள ஃபிளாட்டுக்கு முன்பணம் செலுத்தியுள்ளேன். கீழ்க்கண்டவற்றை அலுவலக முத்திரையுடன் அனுப்பவும். முதலாவது, ஒப்புதல் பெற்ற பிளானில் உள்ள 20 வீடுகளுக்கும், லேண்ட் ஓனர் வீடுகள் உட்பட, வீட்டு எண், பரப்பு, பிரிக்கப்படாத நிலப் பங்கு ஆகியவற்றைக் காட்டும் பட்டியல், கூட்டுத்தொகையுடன். தானம் போக மீதமுள்ள நிலப் பரப்பும், கூட்டுத்தொகைக்கும் அதற்கும் வித்தியாசம் இருந்தால் அதன் காரணமும் எழுதப்பட வேண்டும். இரண்டாவது, திட்ட அனுமதிக் கடிதமும், முத்திரையிட்ட பிளானின் எல்லாத் தாள்களும், சைட் பிளான் உட்பட. ரெரா சட்டம் 11(3), 19(1) பிரிவுகளின்படி கேட்கிறேன்."

எல்லாத் தாள்களும் என்பதை விட்டுவிடாதீர்கள். உங்கள் மாடித் தாளை மட்டும் அனுப்பிவிட்டு பிளான் கொடுத்தாயிற்று என்பார்கள். வந்த பிளானையும் ரெரா தளத்தில் இருப்பதையும் பக்கத்தில் வைத்து அனுமதி எண்ணும் தேதியும் ஒன்றா என்று பாருங்கள்.

கார்த்தி_வேளச்சேரி

சரி, பாதிக் கணக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பேங்க் லோன் கொடுக்கிறது என்றால் அவர்கள் லீகல் ஆள் இதையெல்லாம் பார்த்திருப்பாரே? நாம் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?

பத்திரம்_பார்ப்பவர்

பேங்க் வக்கீல் பார்ப்பது அந்த நிலத்துக்கு டைட்டில் சுத்தமா, உங்கள் வீட்டை அடமானம் வைக்க முடியுமா என்பதை. 410 எழுதினாலும் 475 எழுதினாலும் அடமானம் செல்லும். பங்கு நியாயமா என்று கூட்டிப் பார்ப்பது அவர் வேலையில் வராது. சிலர் பார்க்கிறார்கள், அது அவர்கள் நல்ல மனசு.

நங்கநல்லூர்_அம்மா

இந்த மிச்ச நிலம் பின்னால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் கதையைக் கேளுங்கள். எங்களுடையது 90களில் கட்டிய சின்ன அடுக்ககம். இப்போது இடித்துக் கட்டலாம் என்று ஒரு பில்டரைக் கூப்பிட்டோம். அவர் ஆள் வந்து எல்லோருடைய பத்திரத்தையும் வாங்கி யூடிஎஸ்ஸைக் கூட்டினால் நிலத்தில் 700 சதுர அடிக்கு மேல் யாருக்கும் எழுதப்படவே இல்லை. இத்தனை வருஷம் ஒருத்தருக்கும் தெரியாது, வீட்டு வரி கட்டினோம், தண்ணீர் வரி கட்டினோம், யார் பார்த்தார்கள்? அந்தப் பாகம் பழைய நில உரிமையாளர் பெயரிலேயே நிற்கிறது, அவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் மூன்று பேர், ஒருவர் வெளிநாட்டில். அவர்களும் எங்களோடு கையெழுத்துப் போட்டால்தான் புது பில்டர் தொடுவாராம், அவர்கள் புதுக் கட்டடத்தில் ஒரு வீடு கேட்கிறார்கள். 2022 அடுக்குமாடிச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் போதும் என்று எங்கள் செயலாளர் சொல்கிறார், ஆனால் வீடே இல்லாமல் நிலப் பங்கு மட்டும் வைத்திருப்பவரை அதில் எப்படிச் சேர்ப்பது என்று இரண்டு வக்கீல் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். தம்பி, இப்போதே கேட்டுவிடுங்கள்.

செம்பாக்கம்_வீடு

மெயில் போட்டேன், பதில் வந்தது. பிளான் முழு செட்டும் அனுப்பிவிட்டார்கள், எண்ணும் தேதியும் ரெரா தளத்தில் இருப்பதுதான். பட்டியலும் வந்திருக்கிறது, ஆனால் இப்போது என் வீட்டுக்கு 440! பெரிய வீட்டுக்கு 586 சொச்சம். மொத்தம் 10,560. கீழே ஒரு வரி, மீதி 840 சதுர அடி "பொது வசதிகளுக்காக ஒதுக்கப்பட்டது", ஜெனரேட்டர், டிரான்ஸ்பார்மர், சம்ப் இருக்கிற இடமாம். ஒரு மெயிலுக்கு 30 அடி ஏறுகிறது என்றால் இன்னொரு மெயில் போட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.

சைட்_இன்ஜினியர்

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. ரெரா சட்டம் 17ஆம் பிரிவு பொது இடத்தின் பிரிக்கப்படாத பாகத்தைச் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறது. அதை வைத்துத்தான் சில வக்கீல்கள் பொது வசதி நிலத்தைத் தனியாக நிறுத்தச் சொல்கிறார்கள். உங்கள் பில்டரும் அப்படிச் செய்திருக்கலாம்.

பத்திரம்_பார்ப்பவர்

அப்படியென்றால் "840 சதுர அடி சங்கத்தின் பெயருக்கு எழுதப்படும்" என்று பட்டியலிலேயே போடலாமே, "ஒதுக்கப்பட்டது" என்றால் யாருக்கு? நம் ஊர் வழக்கம் மொத்த நிலத்தையும் வீட்டுக்காரர்களுக்கே பங்காக எழுதுவது. சம்ப்பும் ஜெனரேட்டரும் எல்லோருடைய நிலத்தில் நின்றால் என்ன, அதற்காக நிலத்தைக் கழிக்க வேண்டியதில்லை. டிரான்ஸ்பார்மர் இடத்தை மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அது ஈசியில் தெரியும், அதைக் கழிக்கலாம், அதற்கும் 840 அடி ஆகாது. 17ஆம் பிரிவையும் நம் ஊர் யூடிஎஸ் வழக்கத்தையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது என்பதில் வக்கீல்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை, அதை நான் மறுக்கவில்லை. எப்படிப் படித்தாலும் அந்த நிலம் பில்டரிடமோ ஓனரிடமோ தங்கக்கூடாது.

கார்த்தி_வேளச்சேரி

440க்கே ஒத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. 35 அடிக்காக ஒரு நல்ல லொகேஷனை விட்டுவிட்டு அலைவதா? ரெராவில் ஃபார்ம் எம் புகார் போட்டு வழக்கு நடத்தினால் வீட்டு வேலையே தள்ளிப்போகும்.

நங்கநல்லூர்_அம்மா

எங்கள் வீட்டில் ஆளுக்கு நாற்பது அடிதான் குறைந்தது, கார்த்தி.

செம்பாக்கம்_வீடு

அக்ரிமெண்ட் டிராஃப்டும் மெயிலில் வந்திருக்கிறது. பத்திரம் சார் சொன்ன மாதிரி ஒரு வரி இருக்கிறது: எதிர்காலத்தில் கூடுதல் எஃப்எஸ்ஐ கிடைத்தால் அதன் உரிமை புரமோட்டருக்கே, வாங்குபவர் அதற்கு இப்போதே சம்மதிக்கிறார். இந்த வரியை எடுக்கவும், 840ஐ இருபது பேருக்கும் பிரித்தோ சங்கத்தின் பெயருக்கோ எழுதவும் கேட்டுப் பதில் போட்டிருக்கிறேன். கிரயப் பத்திர நிலப் பகுதியில் "11,400 சதுர அடியில் 475" என்று இரண்டு எண்ணையும் சேர்த்து எழுதவும் கேட்டிருக்கிறேன். விலைப் பட்டியலில் இன்னும் ஐந்து பேர் புக் செய்ததாகப் போட்டிருந்தது, அவர்களில் இரண்டு பேர் நம்பர் கிடைத்தது. ஒருவருக்கு 1,520 வீட்டுக்கு 540 என்று சொல்லியிருக்கிறார்கள், பட்டியலில் 586 இருப்பது அவருக்குத் தெரியாது. அவரும் மெயில் போடுகிறார்.

டோக்கன் ரசீதில் "கேன்சல் செய்தால் திரும்பத் தரப்படாது" என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. பில்டர் ஒத்துக்கொள்ளாமல் நான் விலகினால் அந்த வரி செல்லுமா? யாருக்காவது அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

பத்திரம்_பார்ப்பவர்

ரசீது படத்தைப் பெயர், நம்பர் மறைத்துப் போடுங்கள், வார்த்தையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கேட்ட ஆவணத்தை அவர்கள் கொடுத்துவிட்டார்கள், அதனால் "ஆவணம் தரவில்லை, விலகுகிறேன்" என்று இனி எழுத முடியாது. விலகுவதாக இருந்தால் பட்டியலில் உள்ள வித்தியாசத்தையும் அந்த எஃப்எஸ்ஐ வரியையும் காரணமாக எழுதுங்கள்.